படியில் பதிமூன்று ஜோடிச் செருப்பு

எங்கள் புத்தூர் வீட்டு மாடிப்படி மொத்தம் இருபத்திரண்டு. வாசல் நடையிலிருந்து பதினொன்று ஏறினால் ஒரு திருப்பம். அங்கேதான் மாடிக் குடித்தனத்தின் கதவு. திருப்பத்தில் வளைந்து இன்னும் பதினொன்று ஏறினால் மொட்டைமாடி. இவ்வளவு துல்லியமாக எண்ணி வைத்திருக்கிறேனே என்று நினைக்க வேண்டாம். ரொம்ப வருஷம் அந்தப் படிகளை நான் கண்ணால் பார்த்து ஏறியதில்லை, எண்ணித்தான் ஏறினேன்.

எங்களுக்கு நூலுக்குச் சாயம் போடுகிற தொழில். சுற்றுப்பக்கத்து நெசவுக்காரர்கள் வெள்ளை நூலைச் சிட்டம் சிட்டமாகக் கொண்டுவந்து போடுவார்கள். சிட்டம் என்றால் பெரிய மாலை மாதிரி வளையமாகச் சுற்றிய நூல். அதைப் பின்கட்டுத் தொட்டியில் தோய்த்து, கிணற்றுத் தண்ணீரில் அலசி, பிழிந்து, காயவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பின்கட்டில் காயவைக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கே ஒரு புளியமரம், அதில் ஊர்ப்பட்ட காக்கை. வெயிலும் பத்து மணிக்கே பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் போய்விடும். நூல் ஒரு பக்கம் காய்ந்து ஒரு பக்கம் ஈரமாகக் கிடந்தால் நிறம் திட்டுத் திட்டாக நிற்கும். ஆகவே மொட்டைமாடிதான்.

பிழிந்த சிட்டங்களை எட்டடி மூங்கிலில் வரிசையாகக் கோர்த்து, முன்பக்கத்தை என் வீட்டுக்காரர் தோளில் வைப்பார், பின்பக்கத்தை நான் வைப்பேன். முன்னால் போகிறவருக்குப் படி தெரியும். பின்னால் வருகிற எனக்கு முகத்துக்கு நேரே சொட்டுகிற நூல், அவ்வளவுதான். கால் தேடிக்கொண்டு ஏற வேண்டும். திருப்பத்தில் மூங்கில் சுவரில் இடிக்கும் என்பதால் இருவரும் இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேலே தூக்கி, அப்படியே சுழற்றி, மறுபடி தோளில் இறக்க வேண்டும். அந்த ஒரு நொடி நான் எதையாவது மிதித்துத் தடுமாறினால், மொத்த எடையும் அவர் கையில் போய் இழுக்கும்.

அவர் கைதான் என் கவலையெல்லாம். ஆந்திரா தனி ராஜ்யமான வருஷம் கிணற்றடிக் கல்லில் வழுக்கி விழுந்து வலது கையை முழங்கைக்கு மேலே முறித்துக்கொண்டார். எலும்பு முறிந்தால் எங்கெங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு புத்தூருக்கு வருவார்கள். எங்களுக்கோ நடந்து போகிற தூரம். கட்டு வைத்தியர் பச்சிலை வைத்து, மூங்கில் பத்தை கொடுத்துக் கட்டி, மூன்று மாதத்தில் கூட வைத்துவிட்டார். கட்டு அவிழ்த்த அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னார்: “எலும்பு கூடிச்சிம்மா. ஆனா வெடுக்குனு ஒரு இழுப்பு வாங்கிச்சின்னா, அப்பறம் அது என் கையிலயும் இல்ல, அவரு கையிலயும் இல்ல.”

இந்த நிலையில்தான் மாடிக்குக் குடி வைத்தோம்.

வந்தவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. சின்ன வயசு, சுத்தமான வெள்ளைச் சட்டை, கூடவே கலகலவென்று பேசுகிற பெண்சாதி. பாலசமுத்திரம் பக்கம் ஊர் என்றார். நான் எல்லாரும் கேட்கிற மாதிரி, “ஊர்ல எந்தத் தெரு, தம்பி?” என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தாமல், “ஊருக்கு வெளிய இருக்குதே, அந்தத் தெரு அக்கா” என்றார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பிழிந்துகொண்டிருந்த நூலிலிருந்து தலையைத் தூக்காமலே, “நம்ம மாடில ஆளைத்தான வெக்கிறோம், தெருவையா வெக்கிறோம்?” என்றார். முடிந்தது பேச்சு. தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டோம்.

இரண்டு அறையும் சமையல்கட்டும் அவர்களுக்கு. நடை, படி, கிணறு, மொட்டைமாடி எல்லாம் பொது. பொது என்றால் இரண்டு பேரும் காலியாக விட வேண்டிய இடம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சாமான் வைக்கலாம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

முதலில் சைக்கிள் வந்தது. ஆபீஸ் போய்வர அவருக்கு அது வேண்டும், தெருவில் விட்டால் காணாமல் போகும். சரி, நடையில் ஓரமாகச் சாய்த்துக்கொள்ளட்டும் என்றேன். பிறகு திருப்பத்தில் அவர் பெண்சாதி ஒரு விறகுக் கட்டை இறக்கினாள். அதன்மேல் முறம், முறத்தின்மேல் கால் ஒடிந்த ஒரு நாற்காலி. “அது எதுக்குடி அங்க?” என்றால், “ஆசாரி வருவான்க்கா, இன்னிக்கி நாளைக்கின்னு சொல்லிக்கினே கீறான்” என்பாள். அந்த ஆசாரியை நான் கடைசிவரை பார்க்கவில்லை.

அதெல்லாம்கூடச் சமாளித்தேன். பிறகு ஊர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள்.

ஆந்திராவோடு சேர்ந்திருந்த எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எது அங்கேயே நிற்கும், எது மெட்ராஸ் பக்கம் போகும் என்று எங்கே பார்த்தாலும் அப்போது அதே பேச்சு. டீக்கடையில் பேசுகிறவர்கள் பாஷைக்காகப் பேசினார்கள். இந்தக் குமாஸ்தாவைத் தேடி வந்தவர்களுக்குக் கவலை வேறு. அவர்கள் தெருவில் சில பேருக்கு அப்போதுதான் புறம்போக்கில் கொஞ்சம் நிலம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சில பேர் கேட்டு அர்ஜி போட்டுக் காத்திருந்தார்கள். ஊர் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கத்துக் காகிதம் செல்லுமா? முதல் தடவையாகக் கைக்கு வந்த மண் போய்விடுமா? இதைக் கேட்கத் தங்கள் தெருவிலிருந்தே ஒரு ஆள் மேஜைக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருக்கும்போது அவரிடம் வராமல் யாரிடம் போவார்கள்? ஆபீசில் பேச முடியாது. காலையில் ஆபீசுக்கு முன்னால், சாயந்திரம் ஆபீசுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வந்தார்கள்.

எங்களுக்கும் காலையில்தான் நூல் ஏற்றுகிற நேரம்.

நாலு பேர் வந்தால் நாலு ஜோடிச் செருப்பு. டயர் செருப்பு, ஆணி அடித்த தோல் செருப்பு, வார் அறுந்து சணல் கட்டிய செருப்பு. எல்லாம் படியில். ஒரு படிக்கு ஒரு ஜோடி என்று ஒழுங்காக வைத்தாலாவது எண்ணிக்கொண்டு தாண்டலாம். ஒன்று மூன்றாம் படியில் கவிழ்ந்து கிடக்கும், அதன் ஜோடி ஏழாம் படியில் நிற்கும். கூடவே வேர்க்கடலை மூட்டை, குடை, சோற்றுப் பானை கட்டிய துணி. நடையில் மூன்று சைக்கிள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும். ஒருநாள் மஞ்சள் நூல் ஒரு சைக்கிள் சங்கிலியில் உரசி, ஒரே ஒரு சிட்டத்தில் விரல் நீளத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. நெசவுக்காரர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, “இன்னா, திருஷ்டிப் பொட்டு வெச்சி அனுப்பிட்டியா?” என்று மொத்த நூலையும் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குப் போய்ச் சொன்னேன்.

“தம்பி, வரவங்க வரட்டும். நான் வேணாங்கல. படியில மட்டும் ஒண்ணும் வெக்காம பாத்துக்கோ. அவருக்குக் கை சரியில்ல.”

“சரேலே அக்கா, சொல்லிடறேன்” என்றார். சரி என்பதற்குத் தெலுங்குப் பேச்சு அது.

இரண்டு நாள் படி துடைத்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் ஆறு ஜோடி. மறுபடி சொன்னேன். மறுபடி சரேலே. அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கே இல்லை. அவ்வளவு மரியாதையாகச் சொல்வார், மேற்கொண்டு கோபப்படக்கூட வழியிருக்காது. அவர் பெண்சாதியைப் பிடித்தால், “நான் இன்னாக்கா பண்ணுவேன்? வரவங்கல்லாம் மாமன், மச்சான், சித்தப்பன். வாயத் தொறந்தா ‘புருசனுக்கு வேலை வந்திச்சி, இவளுக்கு வாய் வந்திச்சி’ன்றாங்க” என்று என்னையே சிரிக்க வைத்துவிடுவாள். சிரித்துவிட்டுக் கீழே வந்தால் கோபம் இரண்டு பங்காகும்.

என் வீட்டுக்காரரைச் சொல்லச் சொன்னேன். “நீதான் சொல்லிக்கினு கீறியே” என்றார்.

“நான் சொன்னா ஏறல. நீ ஒரு அதட்டு அதட்டு.”

“அவங்க ஊர்ல அதட்டறதுக்கு ஆளுக்கா பஞ்சம்? அதுக்கு நாம வேற எதுக்குடி.”

இப்படிப் பேசினால் நான் என்ன செய்ய? விழுந்தால் முறியப்போவது இவர் கை. அந்தக் கவலையை என்னிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு இவர் நிம்மதியாக நூல் பிழிகிறார்.

நூல் கொண்டுவந்து போடுகிற ஒருவரின் அண்ணன் ஒரு வக்கீலிடம் வேலை பார்த்தார். அவரிடம் கேட்டேன். அவர் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: “காலி பண்ணுன்னு நெனச்ச ஒடனே சொல்லிட முடியாதும்மா. அதுக்குச் சட்டம் கீது. கூட இருக்கிறவங்களுக்குத் தொந்தரவுன்னு மனு போட்டு, ரூபிச்சாத்தான் ஆவும். வாயில சொன்னது எதுவும் நிக்காது. மொதல்ல எழுத்துல குடு.”

காலி செய்யச் சொல்ல எனக்கு எண்ணம் இல்லை. ஆனால் எழுத்தில் கொடு என்ற வார்த்தை மனசில் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனவள் இல்லை. நூல் கட்டுகளின்மேல் ஒட்டி வருகிற சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றவள். எனக்கு எழுத வாய்த்தால் விடுவேனா? ஒரு அட்டையை எடுத்து, சாயக் குச்சியால் கொட்டை எழுத்தில் எழுதினேன்:

படியிலும் நடையிலும் செருப்பு, சைக்கிள், மூட்டை வைக்கக் கூடாது. மேலே வருகிறவர்கள் செருப்பை வாசலுக்கு வெளியே தெருவில் விட்டு வரவும்.

அதை முதல் படிக்கு நேரே சுவரில் ஆணியடித்து மாட்டினேன். வாசலுக்கு வெளியே ஒரு பலகையும் போட்டேன், செருப்பு வைக்க. இதைவிட ஒருத்தி வேறென்ன செய்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயந்திரம் ஆபீசிலிருந்து வந்த குமாஸ்தா அட்டைக்கு முன்னால் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். நான் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் படிக்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் நெடுநேரம் நின்றார். சரேலே என்று சொல்வார் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் மேலே போய்விட்டார். அதுவரைக்கும் சைக்கிளை ஓரமாகச் சாய்க்கிறவர், அன்றைக்கு நடுநடையில் நிறுத்திவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. பெண்சாதியும் கிணற்றடியில் வாளியைப் பார்த்தே பேசினாள். வெளியே போட்ட பலகையில் ஒரு நாய் படுத்துக்கொண்டது. படியில் செருப்புகள் குறையவில்லை, கூடின. முன்பெல்லாம் கேட்பாரற்றுக் கிடந்தவை இப்போது வேண்டுமென்றே வைத்தது மாதிரி, படிக்கு ஒரு ஜோடியாக, நடுவில், என்னைப் பார்த்து நின்றன. நல்லதனமாகச் சொன்னால் இரண்டு நாள், எழுதி வைத்தால் எதிர்ப்பு. இதென்ன நியாயம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு கல்யாண வீட்டுச் சேலைக்கான சிவப்பு நூல். சிவப்பை எவ்வளவு அலசினாலும் முதல் நாள் கொஞ்சம் கக்கும். மேலே பேச்சுச் சத்தம் கேட்டது. முன்னால் போன என் வீட்டுக்காரர், “பாத்து வா, நெறைய கீது” என்றார்.

“எத்தினி?”

“எண்ணிக்கினா ஏறுவாங்க? ஓரமா வா.”

சுவரோரமாகக் கால் வைத்து ஏறினேன். ஒன்பது, பத்து. பதினொன்று திருப்பம். இருவரும் மூங்கிலைத் தலைக்கு மேல் தூக்கினோம். நான் பின்னால் வைத்த கால் ஒரு டயர் செருப்பின் விளிம்பில் ஏறி, செருப்பு கவிழ்ந்து, கணுக்கால் மடிந்தது. மூங்கில் என் கையை விட்டுப் போய்விட்டது. அவர் மட்டும் பிடித்திருந்தால் மொத்த இழுப்பும் அந்தக் கைக்குத்தான். “உட்ரு, உட்ருயா!” என்று கத்தினேன். அவர் விட்டார். அந்தக் கட்டு வைத்தியரின் வார்த்தை அவர் காதிலும் இருந்திருக்க வேண்டும். மூங்கில் படியெல்லாம் தட்டிக்கொண்டு உருண்டது. ஈரச் சிவப்பு நூல் பதினொரு படியிலும் சரிந்து, அங்கிருந்த செருப்புகளின்மேல் எல்லாம் விழுந்தது.

நான் திருப்பத்தில் விறகுக் கட்டில் சாய்ந்து கீழே உட்கார்ந்திருந்தேன். “கை? கை இன்னா ஆச்சி?” என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கையை மடக்கி நீட்டிக் காட்டினார்.

கதவைத் திறந்துகொண்டு எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒரு வயசானவர் குனிந்து தன் செருப்பை எடுத்தார். தோல் முழுக்கச் சிவப்பு. “அடடே, நமக்குக் கல்யாணத்துல நலங்கு வெக்கல. இப்ப செருப்புக்கு வெச்சிட்டாங்கப்பா” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது கோபத்தில் வந்த அழுகை.

“சிரிங்க, நல்லா சிரிங்க. பதிமூணு ஜோடி! படிச்ச மனுசன் மாடில கீறாருன்னு பேரு. சொவத்துல எழுதி வெச்சது கண்ணுல பட்லியா?”

குமாஸ்தா முன்னால் வந்தார். “பட்டிச்சி அக்கா. நல்லாப் பட்டிச்சி. படிச்சிக்கினுதான் இருக்கறேன், தெனமும்.”

“அப்பறம் இன்னா?”

“இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும். எங்க ஊர்ல பெரிய தெருக்குள்ள போனா செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கணும். என் நைனா அப்பிடித்தான் நடந்தாரு. எனக்கு வேலை வந்தப்ப ஒண்ணு நெனச்சேன். என்னைப் பாக்க வர ஆளு, என் வாசப்படி வரைக்கும் செருப்புக் காலோட வரணும். தெருவுல கழட்டிட்டு வான்னு நான் சொல்லமாட்டேன். நீங்க அதைச் சொவத்துல எழுதி மாட்டிட்டீங்க. கீழ வெளிய பலகை வேற.”

நான் வாயடைத்துப் போனேன் என்று எழுதினால் பொய். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. “நான் எதுக்கு எழுதனேன், நீ எதுக்குப் படிச்ச! எனக்கு அவரு கை. கை முறிஞ்சா எங்களுக்கு சோறு இல்ல. உங்க ஊர் நாயம் எனக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியாதா?” என்றார் அவர்.

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே தெரியாது என்று சொல்ல முடியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கமும் அதுதானே வழக்கம். எழுதும்போது நினைக்கவில்லை, அது நிஜம். நினைக்க வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை, அதுவும் நிஜம். ஆனால் என் கணுக்கால் வீங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் இதை ஒப்புக்கொள்கிற அளவு நான் நல்லவள் இல்லை.

“அதுக்குன்னு படியில வெப்பியா? நீ என்மேல இருக்கிற கோவத்த அவரு கைமேல காட்டுவியா?” என்றேன்.

அவர் குனிந்து தன் காலடியில் கிடந்த ஒரு சிட்டத்தை எடுத்து உதறினார்.

என் வீட்டுக்காரர் இவ்வளவு நேரம் நூலை ஒவ்வொரு படியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மண்ணும் தூசியும் ஒட்டிய நூல், மறுபடி அலசி மறுபடி பிழிய வேண்டும். மூங்கிலை எடுத்துக்கொண்டு வந்தார். “தம்பி, பேச்சு அப்பறம் பேசலாம். அவளுக்குக் கால் மடங்கிக்கிச்சி. பின்பக்கம் பிடிக்க ஆள் இல்ல. வரியா?”

குமாஸ்தா வெள்ளைச் சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கீழே போனார். அலசிப் பிழிந்து கோர்க்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஊர்க்காரர்கள் தங்கள் செருப்புகளை எடுக்காமல் சுவரோரம் ஒட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வந்தது. மூங்கிலோடு படியடிக்கு வந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

இருவரும் ஏறினார்கள். நான் திருப்பத்திலிருந்து பார்த்தேன். இரண்டாம் படியிலேயே குமாஸ்தாவின் கால் காற்றில் தேட ஆரம்பித்தது. “அண்ணா, நில்லு, நில்லு, ஒண்ணுமே தெரியல.”

“தெரியாது. எண்ணிக்கோ.”

“செருப்பு எங்க கீது?”

“உங்க ஆளுங்க வெச்ச எடத்துல.”

நாலாம் படியில் ஒன்றை மிதித்தார். மூங்கில் லேசாக ஆட, என் வீட்டுக்காரர் தோளில் அது அசைந்ததைப் பார்த்து எனக்கு உயிர் போயிற்று. குமாஸ்தா அங்கேயே நின்றுவிட்டார். நூலுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது, யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரியாத குரல்: “ஏய், எடுங்கப்பா. எல்லாத்தையும் எடுத்து மேல வூட்டுக்குள்ள போடுங்க. வெளிய இல்ல. உள்ள, என் ரூமுக்குள்ள.”

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் நான் வெளியே வெளியே என்று கத்தினேன், அவர் படியிலேயே என்று நின்றார். செருப்புக் காலோடு உள்ளே போகலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை. வீட்டுக்குள் செருப்பு போகக்கூடாது என்பது எனக்கும் பழக்கம், அவருக்கும் பழக்கம். அதனால்தான் அவரும் வாசப்படி வரைக்கும் என்று நினைத்தார். எனக்கு வேண்டியது படி காலி. அவருக்கு வேண்டியது தெருவில் கழற்றாமல் வருவது. இரண்டுக்கும் ஒரே வழி அவர் கதவுக்கு உள்ளே இருந்தது.

மறுநாள் பழைய அட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்றால் இல்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் நாற்காலியும் விறகும் திருப்பத்தை விட்டுப் போயின. கதவுக்கு உட்புறம் ஒரு பழைய கோணி விரித்து, அதுதான் செருப்புக்கு இடம் என்று வைத்தார்கள். நான் புது அட்டை எழுதினேன். இந்தத் தடவை மாட்டுவதற்கு முன்னால் மேலே எடுத்துப்போய் அவரிடம் காட்டினேன்.

செருப்பைக் காலிலேயே போட்டுக்கொண்டு மேலே போகவும். அறைக்கு உள்ளே கழற்றவும். படியில் ஒன்றும் வைக்க வேண்டாம். நூல் வரும்.

அவர் படித்துவிட்டு, “கீழ தெலுங்குலயும் நான் ஒரு வரி எழுதறேன்” என்றார்.

அந்த அட்டைக்குத் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டம்மா சொன்னாள்: “ஊர்ல எல்லார் வூட்லயும் செருப்பக் கழட்டுன்னு எழுதுவாங்க. நீ ஒருத்திதாண்டி போட்டுக்கினு போன்னு எழுதி வெச்சிருக்கே.”

“என் படி, என் அட்டை” என்றேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். சைக்கிள் விஷயம் கடைசிவரை தீரவில்லை. குமாஸ்தாவின் சைக்கிள் பின்கட்டுக்குப் போனது. வருகிறவர்களின் சைக்கிள்களை வாசல் ஜன்னல் கம்பியில் சங்கிலி போட்டுக் கட்டச் சொன்னோம். நாலு பேர் கட்டினால் ஐந்தாவது ஆள், “ஒரு நிமிசந்தாம்மா” என்று நடையில் சாய்த்துவிட்டுப் போவான். அந்த ஒரு நிமிஷம் மத்தியானம் வரை நீளும்.

செருப்பும் நான் நினைத்த மாதிரி சுலபமாக ஏறவில்லை. சின்ன வயசுக்காரர்கள் அட்டையைப் படித்துவிட்டு டக்டக்கென்று போவார்கள், சில பேர் வேண்டுமென்றே சத்தமாக. பெரியவர்களுக்குத்தான் கால் வரவில்லை. வாசலுக்குள் நுழைந்ததுமே கை தானாகக் கீழே போய்ச் செருப்பைக் கழற்றிவிடும். நான் சத்தம் போட்டால் பயந்து, கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறுவார்கள். அதுவும் எனக்கு எரிச்சல்தான். இவ்வளவு சண்டை போட்டது அதற்கா?

செருப்புக்கு நலங்கு என்று சொன்ன அந்தப் பெரியவர் ஒரு நாள் காலை மறுபடி வந்தார். நாங்கள் மூங்கிலோடு நடையில் வந்துகொண்டிருந்தோம். அதே சிவப்பேறிய செருப்பு, கையில்.

“போட்டுக்கினு போங்க, பெரியவரே!” என்று நூலுக்குப் பின்னாலிருந்து கத்தினேன்.

“பழக்கம் இல்ல, தாயே.”

“பழகிக்கங்க. சொவத்துல போட்டிருக்கு பாருங்க.”

“எனக்கு எங்க படிக்க வரும்.” அவர் யோசித்தார். பிறகு நேரே முதல் படியிலேயே உட்கார்ந்து, செருப்பைக் காலில் மாட்டி, வாரைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். வார் சாயம் பட்டுக் காய்ந்து விறைத்துப் போயிருந்தது, ஓட்டைக்குள் போகவில்லை. படி முழுக்க அவர்தான். எங்கள் தோளில் ஈர மூங்கில். பச்சை நூல் என் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

“சீக்கிரம்!” என்றேன் நான்.

முன்னாலிருந்த என் வீட்டுக்காரர் மூங்கிலை நல்ல கைப் பக்கத்துத் தோளுக்கு மெதுவாக மாற்றிக்கொண்டு, “நீங்க நெதானமா போடுங்க, பெரியவரே” என்றார்.